ஒன்பதாம் வரிசை, பன்னிரண்டாம் இருக்கை

பெர்கன் நகரில் மழை பெய்யாத நாளைத்தான் நாங்கள் நினைவில் வைத்திருப்போம். அந்த வெள்ளிக்கிழமை பெய்தது. நான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில், ரொட்டியும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் வைத்த மதிய உணவுப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டு, வழக்கம்போல டிக்கெட் செயலியைத் திறந்தேன். அரங்கின் வரைபடம் விரிந்தது. மேலே மேடை, கீழே வரிசை வரிசையாகப் புள்ளிகள். எல்லாம் விற்றுத் தீர்ந்து சாம்பல் நிறம். மூடுபனி இறங்கிய துறைமுகம் மாதிரி இருக்கும் அந்தப் படத்தை நான் வாரக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு தடவை கனவில்கூட அதற்குள் நடந்திருக்கிறேன், வெறுங்காலோடு.

அன்று அந்தப் பனிக்குள் ஒரே ஒரு விளக்கு எரிந்தது. ஆரஞ்சுப் புள்ளி. ஒருவர் வாங்கியதை மறுபடி விற்கிறார் என்று அர்த்தம். தொட்டேன். ஒன்பதாம் வரிசை, பன்னிரண்டு. மேடை மறையும் இருக்கை.

என் தங்கை குன்வோரின் இருக்கை.

தப்பு என்னுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன். நாங்கள் சிறுமிகளாக இருந்தபோது வானொலியில் பாடிய ஹெர்திஸ் லோவோஸ் கடைசியாக ஒருமுறை பாட வருகிறார் என்றதும் டிக்கெட்டுக்குப் பாய்ந்தேன். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கை ஒரே ஒரு வரிசையில்தான் மிச்சம் இருந்தது. பதினொன்று நல்ல இருக்கை. பன்னிரண்டுக்கு முன்னால் ஒரு தூண். அதனால்தான் அதற்கு விலையும் குறைவு. தூணை நான் வைத்துக்கொண்டு நல்லதைத் தங்கைக்கு அனுப்புவது என்பதுதான் திட்டம். அனுப்பும் பக்கத்தில் இரண்டு டிக்கெட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தன. முதலில் இருப்பது பதினொன்றுதானே என்று படிக்காமல் தட்டிவிட்டேன். அது பன்னிரண்டு. அவள் ஏற்றுக்கொண்ட பிறகு அது அவளுடையது, திரும்பப் பிடுங்க முடியாது.

அனுப்பிய அன்று மாலையே வோஸ் ஊரிலிருந்து அழைத்தாள்.

"தூணுக்குப் பின்னாடி உக்கார வைக்கிறதுக்கா என்னைக் கூப்பிட்ட?"

"தெரியாம அனுப்பிட்டேன்டி. நாம மாத்தி உக்காந்துக்கலாம்."

"நீ எதைத் தெரியாம செஞ்ச, அக்கா? ஏரிக்கரை வீட்டுல ஜன்னலோரக் கட்டில் யாருக்கு? மேல் கட்டில் யாருக்கு? எனக்கு எப்பவும் சுவருதான்."

ஐம்பது வருஷத்துக்கு முந்தைய கட்டில்! எனக்கும் கோபம் வந்தது. "அப்படின்னா வராதே போ" என்றேன். வாய்க்குப் பூட்டு போடத் தெரியாதவள் நான். அதற்குப் பிறகு மூன்று வாரம் பேச்சில்லை.

இப்போது அவள் இருக்கை விற்பனையில் எரிகிறது. எங்கள் நாட்டில் வாங்கிய விலைக்குமேல் ஒரு குரோனர் வைத்து விற்கக்கூடாது, செயலியே விலையைப் பூட்டிவிடும். அதனால் இந்த மாதிரி டிக்கெட் வந்த வேகத்தில் போய்விடும். போனால் என் பக்கத்தில் யாரோ ஒரு அந்நியன் உட்காருவான். என் பதினொன்றை அவளுக்கே அனுப்பினாலும் அவள் அந்நியனோடுதான் உட்காருவாள், நான் வீட்டில். இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. இந்தப் பாடகி இனி வரமாட்டார். இது போனால் நாங்கள் பேசிக்கொள்ள இன்னொரு சாக்கு கிடைக்காது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

வாங்கு என்பதைத் தொட்டேன். புள்ளி சாம்பலானது. இருக்கை இல்லை என்றது செயலி.

"போச்சு" என்றேன் சத்தமாக.

பல் கட்டும் ஹெல்கே எட்டிப் பார்த்தார். "யார் பல்லு?"

"பல்லு இல்ல, டிக்கெட்டு. யாரோ எடுத்துட்டாங்க."

அவர் படத்தைப் பார்த்தார். "எடுத்தாங்களா, கூடையில போட்டாங்களா? கூடையில போட்டா பத்து நிமிஷம் கெடு. பணம் கட்டலன்னா திரும்பி வரும். ரெண்டுக்கும் ஒரே சாம்பல்தான், வெளியில இருந்து பாத்தா தெரியாது."

"அப்ப என்ன செய்றது?"

"நோயாளிங்களுக்குச் சொல்ற மாதிரிதான். வாயைத் திறந்து வச்சுக்கிட்டு காத்திரு."

காத்திருந்தேன். ஒரு மணிக்கு முன்பதிவு செய்து வந்தவரை உட்காரச் சொன்னேன். தொலைபேசி அடித்தது, விட்டுவிட்டேன். ஜன்னலில் மழை ஓடியது. பார்த்துக்கொண்டே இருந்ததில் வரைபடம் மெல்ல ஏரியானது. சாம்பல் நீர், சாம்பல் வானம். மேல் கட்டிலில் நான் முழங்காலிட்டு நிற்கிறேன், கீழே சுவரைப் பார்த்தபடி குன்வோர். "அக்கா, என்ன தெரியுது?" நான் சொல்வேன். படகு போகுது. வாத்து வருது. ஒன்றும் தெரியாத நாட்களில் புளுகுவேன். பெரிய கொம்பு மான் ஒண்ணு நீந்திப் போகுது, குன்வோர், கொம்புல ஒரு பறவை உக்காந்திருக்கு. அவள் நம்பித் தூங்கிவிடுவாள்.

பதினோராவது நிமிடம் விளக்கு எரிந்தது.

தொட்டேன், கூடையில் விழுந்தது. வங்கியின் கடவுச்சொல்லைப் போட்டுப் பணம் கட்டினேன். பன்னிரண்டு என்னுடையது. அப்புறம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எண்ணை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்து, பதினொன்றைக் குன்வோருக்கு அனுப்பினேன். "ஏற்புக்காகக் காத்திருக்கிறது" என்று வந்தது.

மறுநாள், கச்சேரி நாளான சனிக்கிழமை முழுவதும் அது காத்திருந்தது. ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அந்த அழுத்தம் எங்கள் குடும்பத்துச் சொத்து, இருவருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. அரங்குக்குப் போய்த் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். நல்ல பருமனான தூண். பக்கத்து இருக்கை காலி. கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன்.

"ஏற்கப்பட்டது."

விளக்குகள் மங்கத் தொடங்கும்போது ஈரக் கோட்டோடு ஒருத்தி வரிசைக்குள் முழங்கால்களை இடித்துக்கொண்டு வந்தாள். என்னைப் பார்க்காமல் உட்கார்ந்தாள்.

"பன்னெண்டை எவனோ வாங்கிட்டான்னு நினைச்சேன்" என்றாள் மேடையைப் பார்த்தபடி. "நீயா?"

"நான்தான். பத்து நிமிஷம் எவனோ பிடிச்சு வச்சிருந்தான், பாவி."

அவள் கோட்டின் பொத்தானைத் திருகினாள். "அந்தப் பாவி நான்தான், அக்கா."

"என்னது?"

"கோபத்துல வித்துப் போட்டேன். நேத்து ஒரு வேலையா ரயில்ல ஏறி உக்காந்ததும் மனசு கேக்கல. விற்பனையில இருந்து எப்படி எடுக்கிறதுன்னு தெரியல. என் பேருல என் டிக்கெட்டையே வாங்க விடல. அதான் ஆர்விட் கணக்குல வாங்கப் பாத்தேன்." ஆர்விட் அவள் கணவர். "பணம் கட்டுற நேரத்துக்குக் குகைப்பாதை வந்து சிக்னல் போயிடுச்சு. ஒண்ணு முடிஞ்சா இன்னொண்ணு. வெளியில வந்தா டிக்கெட்டைக் காணோம். தெரியுமா, வண்டியிலயே அழுதேன்."

வோசுக்கும் பெர்கனுக்கும் நடுவே எத்தனை குகைப்பாதைகள் என்று நாங்கள் சிறுவயதில் எண்ணியிருக்கிறோம். ஒரு தடவையும் கணக்கு ஒத்துப்போனதில்லை.

"இடம் மாறிக்கிறியா?" என்றாள்.

"வேண்டாம்டி. இது என் இடம்தான். முதல்லயே இதுதான்."

பாடகி பாடத் தொடங்கினார். குரல் வயதாகி, ஓரங்கள் தேய்ந்து, முன்னைவிட நன்றாக இருந்தது. எனக்குத் தூண் தெரிந்தது. கண்களை மூடிக்கொண்டேன். இரண்டாவது பாட்டின்போது என் தோளில் ஈரக் கோட்டு சாய்ந்தது. காதருகே மூச்சு.

"நீலச் சட்டை" என்றாள் குன்வோர் கிசுகிசுப்பாக. "வெறுங்காலு. ஒரு கைய மேல தூக்குறாங்க. இப்ப கண்ண மூடிக்கிட்டாங்க."

"அப்புறம்?"

"இரு, பாத்துச் சொல்றேன்." பாட்டு நடுவில் நின்று, இசை மட்டும் ஓடியது. "அக்கா, மேடையில ஒரு பெரிய கொம்பு மான் நீந்திப் போகுது."

"கொம்புல?" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"பறவை உக்காந்திருக்கு" என்றாள் என் தங்கை. "தூங்கு."