மூன்றரை, மூன்றரை

வேலைநிறுத்தத்தால் எங்கள் எம்.எஸ்ஸி. செய்முறைத் தேர்வு ஜூன் மாதத்துக்குத் தள்ளிப்போயிருந்தது. குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டது. வெளித்தேர்வாளர் காந்திமதிநாதன் சார் தென்காசிக்கு வந்தபோது பையில் வினாத்தாளோடு துண்டும் எண்ணெய்ப் பாட்டிலும் இருந்தன. சீக்கிரம் முடித்துவிட்டு அருவிக்குப் போகும் அவசரம் அவர் முகத்திலேயே தெரிந்தது.

பலகையில் எழுதிப்போட்டார்: x² + y² = 25, xy = 12. தொடக்கம் (3.5, 3.5). நியூட்டன் முறையில் மூன்று படிகள்.

விடை 3, 4 என்று பார்த்தாலே தெரிந்துவிடும். பின்வரிசை நல்லகண்ணு விடையிலிருந்து பின்னோக்கி வந்து அழகான அட்டவணை ஒன்றைச் சமைத்தான், முதல் படி (3.2, 3.8). அடுத்த பத்து நிமிடத்தில் அதுவே பதினோரு தாள்களிலும் இருந்தது.

நான் மட்டும் ஒழுங்காகப் போட்டுத் தொலைத்தேன். பகுதி வகைக்கெழுக்கள் நான்கையும் அணியில் அடுக்கினால் மேல்வரிசை 7, 7, கீழ்வரிசை 3.5, 3.5. அணிக்கோவை பூச்சியம், அதனால் வகுக்க வழியில்லை. x, y இரண்டிலும் செய்ய வேண்டிய திருத்தங்களின் கூட்டுத்தொகை 0.07 என்றது ஒரு சமன்பாடு, மைனஸ் 0.07 என்றது மற்றொன்று. அதற்கு மேல் என்ன எழுதுவது?

சார் என் தாளைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். எல்லாருக்கும் வந்த விடை உனக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று கேட்டுச் சிவப்புப் பேனாவைத் திறந்தார். முதல் வகுப்பு வந்தால்தான் மதுரையில் எம்.ஃபில். இடம். எனக்குக் கோபம் வந்தது.

"சார், முதல் படிய மட்டும் நீங்க போட்டுக் காட்டுங்க. அங்கன எனக்குப் பூச்சியமாத்தான் வருது" என்றேன்.

போட்டார். அழித்தார். மறுபடி போட்டார். பிறகு தன் விடைக்குறிப்பை எடுத்துப் பார்த்தார். அதிலும் முதல் படியாக ஏதோ அழகான எண்கள் இருப்பது என் நாற்காலியிலிருந்தே தெரிந்தது. அவரும் சமைத்தவர்தான்.

தொண்டையைச் செருமிக்கொண்டு தொடக்கத்தை (3, 5) என்று மாற்றி, எல்லாரும் புதிதாகப் போடச் சொன்னார். பதினோரு பேரும் என்னை முறைத்த முறைப்பில் அருவித் தண்ணீரே சுட்டிருக்கும்.

எனக்கு முதல் படி (2.906, 4.156), மூன்றாவதில் 3, 4 ஏறக்குறைய வந்துவிட்டது. சார் விடவில்லை. (5, 3) என்று தொடங்கினால்?

"முதல் படி 4.156, 2.906. முடியுறது 4, 3ல சார்."

"கணக்கே போடாம எப்படிம்மா சொல்லுத?"

"xஐயும் yஐயும் மாத்திப் போட்டாலும் ரெண்டு சமன்பாடும் அதேதான இருக்கு. ஆனா ரெண்டையும் ஒரே எண்ணா வச்சா, எந்தப் பக்கம் போகன்னு அதுக்கே தெரியல சார்."

சார் சிரித்துவிட்டார். என் தாளில் ஐம்பதுக்கு ஐம்பது போட்டார். பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, தன் விடைக்குறிப்பைக் கசக்கி எண்ணெய்ப் பாட்டிலின் உடைந்த மூடிக்குப் பதிலாக அதன் வாயில் திணித்தார்.