உஸ், பிள்ளை நித்திரை!

உடுவிலில் இருந்து வந்து இறங்கிய அன்றே பத்மாசினி புத்தூர் வீட்டின் வாயைக் கட்டிவிட்டாள். தம்பி கனகலிங்கத்துக்கு ஆண்பிள்ளை பிறந்திருந்தது. பிறந்தபோதே நிறை குறைவு, இரண்டு கிலோவும் கொஞ்சமும்தான். "உந்தப் பிள்ளைக்கு நித்திரைதான் மருந்து" என்று தீர்ப்புச் சொன்னாள். அவள் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது.

கிணற்றுக் கப்பிக்குத் தேங்காயெண்ணெய் விட்டாள். சைக்கிள் மணிக்குத் துணி சுற்றினாள். சேவலைப் பக்கத்து வீட்டுக் குணலட்சுமியிடம் நாடு கடத்தினாள். கடைசியாக, விறாந்தையில் இருந்த தையல் மெசினிலும் அவள் கண் விழுந்தது.

"லிங்கம், உந்தக் கடகடப்பு இனி இஞ்சை வேண்டாம். குணலட்சுமியின்ரை விறகுக் கொட்டிலிலை கொண்டுபோய் வை."

ஊரில் பாதிப் பேரின் சட்டையை அளவெடுத்துத் தைத்தவன் கனகலிங்கம். அக்காவுக்கு முன்னால் மட்டும் அவன் வாய்க்கு அளவு போதாது. மெசினைத் தூக்கிக்கொண்டு போனான்.

அன்று இரவுதான் கோசலா தொடங்கினாள்.

மூத்தவள் கோசலாவுக்கு இரண்டரை வயது. அதுவரை எட்டு மணிக்குப் படுத்தால் விடியும்வரை அசையாத பிள்ளை. இப்போது பத்து மணிக்கும் கொட்டக் கொட்ட விழித்திருந்தாள். ஒரு வழியாகக் கண்ணயர்ந்தாலும் ஒரு மணிக்கு வீரிட்டு எழும்பினாள். தகப்பனின் பாயை விட்டு ஓடிப்போய்த் தாயின் அறைக்குள் புகுந்து, சீலையால் கட்டிய ஏணைத் தொட்டிலைப் பிடித்து ஆட்டினாள். பால் குடித்து அப்போதுதான் தூங்கிய சின்னவன் பதறி எழும்புவான். ஏணைக்குள் கிடந்தவனை அவள் தம்பி என்று சொல்லவேயில்லை.

"உது வேண்டாம். உதைக் குடுங்கோ" என்பாள்.

ஆருக்குக் கொடுப்பது என்று அவள் சொல்லவில்லை.

பத்மாசினி கைவைத்தியம் எல்லாம் பார்த்தாள். உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். வெடித்ததே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. பகலில் படுப்பதால்தான் இரவில் நித்திரை வருகுதில்லை என்று கண்டுபிடித்து, மத்தியானத் தூக்கத்தையும் நிறுத்தினாள். கோசலா பின்னேரம் முழுக்கச் சிணுங்கினாள், இரவில் இரண்டு மடங்கு கத்தினாள்.

இதற்கிடையே ஒரு மத்தியானம் ஆமி ஹெலிகொப்டர் ஒன்று ஓடு அதிரத் தாழப் பறந்து போனது. வீட்டில் எல்லோரும் குப்புறப் படுத்தார்கள். சின்னவன் மட்டும் ஏணைக்குள் வாயைப் பிளந்தபடி தூங்கினான். அதைப் பார்த்தும் ஒருவருக்கும் புத்தி வரவில்லை.

வியாழக்கிழமை மருத்துவமாது பராசக்தி தராசோடு வந்தாள். சீலைத் துண்டில் சின்னவனைத் தொங்கவிட்டு முள்ளைப் பார்த்தவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"பதினாலு நாளாச்சு, பிறந்த நிறைக்கே இன்னும் வரேல்லை. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா எழுப்பியெண்டாலும் பால் குடுக்க வேணும், பிள்ளை."

"குடுக்கிறன் மிஸி. ஆனால் குடுக்கேக்கை நானே நித்திரையாப் போறன்" என்றாள் தாய் மீனாம்பிகை. அவள் கண் இரண்டும் குழிக்குள் போயிருந்தன.

"நீர் களைப்பாறினால்தான் பாலும் வரும். வாற வியாழன் வந்து நிறுப்பன். ஏறாட்டி ஆசுப்பத்திரிதான்."

அவள் படலையைத் தாண்டுமுன்பே பத்மாசினி முடிவெடுத்துவிட்டாள். "ஞாயிற்றுக்கிழமை உன்ரை அத்தான் வருவார். மூத்தவளை உடுவிலுக்கு அனுப்புவம். பிள்ளை பெத்த துடக்குக் கழியுமட்டும் அங்கை நிக்கட்டும்."

மீனாம்பிகை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கனகலிங்கம் நிலத்தைப் பார்த்தபடி, "ஓம் அக்கா" என்றான். சொன்ன வாயை அறுத்துப்போடலாம் போல இருந்தது அவனுக்கு. ஒரு பிள்ளையைக் காப்பாற்ற இன்னொரு பிள்ளையைத் துரத்துகிறோமே என்று அன்று சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை, பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகள் ஆறு முடிக்கவேண்டியிருந்தது. கடைசி நாளாவது என்னோடு இருக்கட்டும் என்று கோசலாவையும் விறகுக் கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போனான். வெட்டுத்துணிக் குவியலில் இருத்திவிட்டு மெசினை மிதித்தான். நாலு சட்டைக் கை தைத்துவிட்டுத் திரும்பினால், பிள்ளை குவியலுக்குள் சுருண்டு கிடக்கிறது. நல்ல நித்திரை.

நூல் மாற்ற மிதியை நிறுத்தினான். கோசலா புரண்டாள், இமை அசைந்தது. மிதித்தான். அடங்கிவிட்டாள். இன்னொரு தரம் நிறுத்திப் பார்த்தான். அதே கதை.

கனகலிங்கம் தலையில் கை வைத்துக்கொண்டான். இரண்டரை வருஷமாக இந்தப் பிள்ளை எட்டு மணிக்குப் படுக்கும்போது விறாந்தையில் அவன் தைத்துக்கொண்டிருப்பான். அவளுக்குத் தாலாட்டே அதுதான். தம்பி வந்த கையோடு தாயின் பாய் போச்சு, மத்தியான நித்திரை போச்சு, மெசினும் போச்சு. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோம்!

அவளை எழுப்பவில்லை. ஒன்றரை மணித்தியாலம் அவள் தூங்க, ஆறு சட்டையும் முடிந்தன. பின்னேரம் மெசினைத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

"உனக்கென்ன விசரே, லிங்கம்? சின்னவன் எழும்பப் போறான்!"

"எழும்பினால் நாளைக்கு நானே மூத்தவளை உடுவிலிலை கொண்டுபோய் விடுறன். இண்டைக்கு மட்டும் விடுங்கோ அக்கா." வாழ்க்கையில் முதல் தடவையாக அக்காவுக்கு எதிர்க்கதை கதைத்தான். இன்னொன்றும் கேட்டான். "ஏழரைக்குச் சின்னவன் பால் குடிச்ச உடனை அவனை நீங்கள் கொஞ்சம் வைச்சிருங்கோ. மூத்தவள் தாயோடை படுக்கட்டும்."

பத்மாசினி என்ன நினைத்தாளோ, ஏழரைக்குப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

பதினாறு நாளுக்குப் பிறகு கோசலா தாயின் கையில் தலை வைத்துப் படுத்தாள். தாயின் காதைத் தடவிக்கொண்டே இருந்தாள். வெளியே மெசின் ஓடத் தொடங்கியது. பத்மாசினி மடியில் கிடந்தவனைப் பார்த்தபடி மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள். கடகடவென்று ஒரு முழத் தையல் ஓடியது. சின்னவன் இமைகூட அசையவில்லை. எட்டேகாலுக்குக் கோசலாவும் தூங்கிவிட்டாள்.

மூன்று மணிக்கு ஒரு தடவை எழும்பி இருந்தாள். கனகலிங்கம் முதுகைத் தட்ட, ஏதோ முணுமுணுத்துவிட்டுச் சரிந்தாள். ஏணைப்பக்கம் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அத்தான் சைக்கிளில் வந்தார். பத்மாசினி ஒரு கட்டு முருங்கைக்காயைப் பின்னால் கட்டி, "பிள்ளையை ஏன் அலைக்கழிப்பான், நீங்கள் போங்கோ" என்று அனுப்பிவிட்டாள். மெசினும் கோசலாவின் மத்தியான நித்திரையும் வீட்டுக்குத் திரும்பின. சேவல் மட்டும் நாடு கடத்தப்பட்டபடியே இருந்தது. ஏதாவது ஒன்றிலாவது அவள் வெல்லவேண்டாமா?

வியாழக்கிழமை தராசு முள் இரண்டு கிலோ நானூற்றைத் தொட்டது. "நல்லா ஏறிட்டான், இருநூறு கிராம்!" என்ற பராசக்தி, மூத்தவளின் கதையைக் கேட்டுச் சிரித்தாள். "களைச்ச பிள்ளைக்கு நித்திரை வராது. மத்தியானம் படுக்க விட்டது நல்லது."

"அதைத்தானே நானும் சொன்னனான்" என்றாள் பத்மாசினி. கனகலிங்கம் இருமலை விழுங்கினான்.

அன்று மாலை பால் குடித்த பிறகும் சின்னவன் விடாமல் அழுதான். மீனாம்பிகை தோளில் போட்டு நடந்தாள், பத்மாசினி கிலுகிலுப்பையை ஆட்டினாள். கோசலா வெறும் ஏணையடியில் நின்று தாயின் தோளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விறுவிறென்று விறாந்தைக்கு வந்து, தகப்பனின் காலை இரண்டு கையாலும் பிடித்து மெசின் மிதியில் வைத்தாள்.

"அப்பா, தம்பி அழுறான். அவனுக்கும் தையுங்கோ."

மெசினில் துணியும் இல்லை, நூலும் இல்லை. கனகலிங்கம் மிதித்தான்.