டாக்ஸி ரசீதுக்கு மூன்று விளக்கங்கள்

எங்கள் கம்பெனி பாக்கெட் போடும் மெஷின்களை விற்கிறது. மாவு, மாத்திரை, சோப்புத்தூள், எதைக் கொட்டினாலும் அளந்து அடைத்து ஒட்டிக் கொடுக்கும். விற்ற பிறகு அது மக்கர் பண்ணினால் சரி பண்ண ஆள் போகும். போன ஆள் திரும்பி வந்து செலவுக் கணக்கைக் கொண்டுவந்து வைக்கும் மேஜை என்னுடையது. அக்கவுண்ட்ஸில் என் சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது. என்னைவிட வயதில் மூத்தவர்கள்கூட ‘பில் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

சர்வீஸ் இன்ஜினியர்களில் ஒருவனுக்கு ஸ்பானர் என்று பட்டப்பெயர். கல்யாண வீட்டுக்கு வந்தால்கூட அவன் பேன்ட் பாக்கெட்டில் ஒரு ஸ்பானர் துருத்திக்கொண்டிருக்கும். ஆள் ரொம்ப நல்லவன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வான், கேட்டதற்கு முழுசாகவும் சொல்வான். இந்த இரண்டாவது குணம்தான் பிறகு வம்பை இழுத்துவிட்டது.

அவன் வைத்த கணக்கு இது:

பஸ், போக வர: 960
லாட்ஜ், இரண்டு இரவு: 1,800
சாப்பாடு: 740
பழுதான பாகத்தைக் கூரியரில் அனுப்பியது: 260
டாக்ஸி, வாடிக்கையாளரின் தொழிற்சாலையிலிருந்து ரயில் நிலையம், வழியில் பஸ் ஸ்டாண்ட்: 2,300
மொத்தம்: 6,060

மற்ற பில் எல்லாம் தேதி வரிசையில், வெள்ளைத் தாளில், ஓரம் மடங்காமல் ஒட்டியிருந்தன. டாக்ஸிக்கு மட்டும் இல்லை. அந்த இடத்தில் ‘ரசீது கிடைக்கவில்லை’ என்று எழுதியிருந்தான்.

ஐநூறுக்கு மேல் போகும் செலவுக்கு ரசீது இல்லையென்றால் காரணம் எழுத வேண்டும், வெளியூர் அனுப்பிய அதிகாரி அதன் கீழே கையெழுத்துப் போட வேண்டும். இது எங்கள் விதி. சர்வீஸ் மேனேஜர் லீவில் இருந்ததால் அவனை அனுப்பியது சேல்ஸ் மேனேஜர். அவர் கையெழுத்து இருந்தது. காரணம்தான் காரணமாக இல்லை. கிடைக்கவில்லை என்றால் டிரைவர் கொடுக்கவில்லையா, கொடுத்துத் தொலைந்துவிட்டதா? ‘தெளிவாக எழுதவும்’ என்று பென்சிலில் குறித்துத் திருப்பி அனுப்பினேன்.

மறுபடி வந்தது. ‘ரசீது என்னிடம் இல்லை.’ கீழே புதிதாக சேல்ஸ் மேனேஜரின் கையெழுத்து.

எனக்கு எரிச்சல் வந்தது. அவனிடம் இல்லை என்பதுதான் ஏற்கெனவே தெரிகிறதே. ஆடிட்டர் வந்தால் முதலில் இந்த மாதிரித் தாளைத்தான் உருவுவார். ‘யார் கொடுத்தது, யாரிடம் கொடுத்தது, இப்போது எங்கே? முழு விவரம் தேவை’ என்று இந்த முறை பேனாவிலேயே எழுதினேன்.

அன்று சாயங்காலம் ஸ்பானர் என் மேஜைக்கு வந்து நின்றான்.

“அக்கா, இது எப்ப பாஸாகும்?”

“நீ ஒழுங்கா எழுதிக் குடுத்தா உடனே ஆகும். என்ன அவசரம்?”

“மச்சான்கிட்ட வாங்கிட்டுப் போன காசு அக்கா. அட்வான்ஸ் போடறதுக்குள்ள கிளம்பச் சொல்லிட்டாங்க. மச்சான் காசைக் கேட்கறதே இல்ல.”

“அப்புறம் என்ன?”

“ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை சாப்பிட வர்றாரு. வந்து உட்கார்ந்து, ‘வேலையெல்லாம் எப்படிப் போகுது மாப்ள’ன்னு கேட்கறாரு. போன வாரம் ரெண்டு தடவை கேட்டாரு. என் வீட்டுக்காரி சமையல்கட்டுல இருந்தே என்னை ஒரு பார்வை பார்த்தா.”

“அப்ப உட்கார்ந்து விவரமா எழுது. எது நடந்ததோ அதை எழுது. யார் கேட்டாலும் சந்தேகம் வரக் கூடாது.”

எழுதினான். இப்படி:

‘வேலை முடிந்த அன்று தொழிற்சாலைக்கு வந்திருந்த நமது சேல்ஸ் மேனேஜர் அவர்களும் நானும் ஒரே டாக்ஸியில் திரும்பினோம். என்னை பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டு அவர்கள் ரயில் நிலையம் செல்வதாக ஏற்பாடு. தன்னிடம் சில்லறை இல்லை, நீ கொடுத்துவிடு என்று அவர்கள் சொன்னதால் முழு வாடகை 2,300-ஐ பஸ் ஸ்டாண்டிலேயே நான் கொடுத்தேன். நான் டிக்கியிலிருந்து டூல்ஸ் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தபோது டிரைவர் ரசீதை எழுதி முன்சீட்டில் இருந்த அவர்களிடம் கொடுத்தார். அவர்கள் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்கள். அலுவலகம் வந்து நான் கேட்டபோது, எங்கேயோ போட்டுவிட்டேன், இல்லை என்று எழுதிக்கொடு, நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றார்கள். அதன்படி எழுதினேன். தற்போது ரசீது எங்கே உள்ளது என்பதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.’

இதன் கீழே, ‘சரிபார்த்தேன், உண்மை’ என்ற ரப்பர் ஸ்டாம்ப் மேல், பச்சை மையில், சேல்ஸ் மேனேஜரின் கையெழுத்து. மூன்றாவது முறை. வால் நீண்டு சுழித்திருந்தது. சலித்துப்போய்ப் போட்ட கையெழுத்து என்று பார்த்தாலே தெரிந்தது.

நான் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கொஞ்சம் தண்ணீர் குடித்தேன். பிறகு அலமாரியைத் திறந்து, போன வாரம் பணம் கொடுத்து முடித்த வவுச்சர் கட்டை எடுத்தேன். சேல்ஸ் மேனேஜரின் பயணக் கணக்கு அதில் இருந்தது. ரயில், ஓட்டல், பிறகு டாக்ஸி 2,300. ரசீது ஒட்டப்பட்டிருந்தது. அதே தேதி, அதே ஊர், அதே வழி. ஓரத்தில் டிரைவரின் கோழிக்கிறுக்கலில் ‘டூல்ஸ் பெட்டிக்கு 100 சேர்த்து’. சேல்ஸ் மேனேஜர் டூல்ஸ் பெட்டி தூக்கி நான் பார்த்ததில்லை.

இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு எங்கள் அக்கவுண்ட்ஸ் ஆபீசரிடம் போனேன். அவர் ஒரு காசு வித்தியாசத்துக்காக ராத்தூக்கம் கெட்டு அலைவார். ஆனால் மனுஷர்களோடு வித்தியாசம் என்றால் உடனே தலைவலி மாத்திரை தேடுவார். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

“என்னம்மா இது?”

“விளக்கம் சார்.”

“கேட்டது யாரு?”

“நான்தான்.”

“இதைவிடக் கம்மியா கேட்டிருக்கலாமே.” கையெழுத்தின் மேல் விரலை வைத்தார். “இவரே போட்டிருக்காரு?”

“மூணு தடவை போட்டிருக்காரு சார்.”

“படிச்சாரா?”

“படிச்சிருந்தா போட்டிருப்பாரா?”

ஆபீசர் டிராயரைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்தார். பேசாமல் இன்ஜினியரைக் கூப்பிட்டு முதல் விளக்கத்தையே வைத்துக்கொள்ளச் சொல்லலாமா என்றுகூட யோசித்தார். ‘ஒரே பயணத்துக்கு ரெண்டு தடவை காசு போகும் சார்’ என்றேன். பணம் இரண்டு முறை போகும் என்ற வார்த்தை அவரிடம் எந்தப் பயத்தையும் ஜெயித்துவிடும். மாத்திரையை விழுங்கிவிட்டுக் குறிப்பு எழுத உட்கார்ந்தார். ‘இணைப்பில் உள்ள இரு கணக்குகளிலும் ஒரே டாக்ஸிச் செலவு இடம்பெற்றிருப்பதாகத் தெரிகிறது. தங்கள் கருத்தை அறிய விரும்புகிறோம்.’ குற்றம் சாட்டுகிற மாதிரி இல்லாமல், நலம் விசாரிக்கிற மாதிரி இருந்தது.

குறிப்பு போன அரை மணி நேரத்தில் சேல்ஸ் மேனேஜரே இறங்கி வந்துவிட்டார். அவர் எங்கள் மாடிக்கு வந்ததே கிடையாது. எந்தக் கதவு என்று தெரியாமல் முதலில் ஸ்டோர் ரூமைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார்.

“என்ன எழுதி வெச்சிருக்கான் அவன்? என் மேல பழி போடறானா?”

ஆபீசர் எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போட்டார். “உட்காருங்க சார். பழியெல்லாம் இல்ல. நீங்க உண்மைன்னு சரிபார்த்துக் குடுத்ததுதான்.”

“நான் படிக்கல. அடுக்கா கொண்டாந்து நீட்டறாங்க, போட்டுத் தள்ளறேன். எல்லாத்தையும் படிச்சிட்டு உட்கார முடியுமா?”

“நியாயம்தான் சார். படிக்காம கையெழுத்துப் போட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டீங்கன்னா ஃபைல்ல வெச்சுடறேன்.”

ஆபீசர் இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. அவருக்குக் கிண்டல் வராது. ஃபைலில் ஒரு தாள் குறைகிறது என்ற கவலை மட்டும்தான். ஆனால் சேல்ஸ் மேனேஜர் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். நான் கால்குலேட்டரில் இல்லாத ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

“விஷயம் என்னன்னா,” என்று குரலைத் தணித்துக்கொண்டார், “நான் அவனுக்காகத்தான் சேர்த்து க்ளெய்ம் பண்ணேன். பாவம், சின்னப் பையன், கைக்காசு போட்டிருக்கானேன்னு. வாங்கிக் குடுக்கணும்னு இருந்தேன். மறந்துட்டேன்.”

“அப்படியா சார்? ரொம்பப் பெரிய மனசு,” என்றார் ஆபீசர், நிஜமான நிம்மதியோடு. “அதையே எழுதிக் குடுத்துடுங்க.”

அவர் எழுதினார். என் மேஜையில், என் பேனாவில், ‘என்னிடம் ரசீது இருந்ததற்கான காரணம்’ என்று தலைப்புப் போட்டு. எங்கள் பிரிவில் இல்லாத ரசீதுக்கு விளக்கம் எத்தனையோ வந்திருக்கிறது. இருக்கும் ரசீதுக்கு விளக்கம் வந்தது அன்றுதான். 2,300-ஐக் கேஷியரிடம் கட்டினார். கட்டிவிட்டு, “ரசீது குடுங்க” என்று கையை நீட்டி நின்றார். கேஷியர் கொடுத்தார். அதை மட்டும் வரி விடாமல் படித்துப் பார்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

டாக்ஸி ரசீதின் நகலை ஸ்பானரின் கணக்கில் ஒட்டி, அசல் எந்த வவுச்சரில் இருக்கிறது என்று குறித்து, 6,060-ஐப் பாஸ் பண்ணினேன். செய்தி கேட்டு அவன் முகம் வெளுத்துப்போய் வந்தான்.

“அக்கா, நான் ஏதாவது தப்பா எழுதிட்டேனா?”

“உண்மையைச் சொல்லு. தெரிஞ்சுதானே எழுதின?”

“நீங்கதானே அக்கா யார்கிட்ட, எங்கன்னு கேட்டீங்க?”

வவுச்சரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மச்சானிடம் பணத்தைக் கொடுத்தானாம். “இதுக்கென்ன மாப்ள அவசரம்” என்று சொல்லிக்கொண்டே இரண்டு முறை எண்ணிப் பார்த்தாராம்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். மறுவாரம் நிர்வாகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. ரசீது இல்லாச் செலவுக்கான விளக்கம் இனி ஒரே வரியில் இருக்க வேண்டும், அதில் மூன்றாவது நபர் யாரையும் குறிப்பிடக் கூடாது. யோசனை சொன்னவர் சேல்ஸ் மேனேஜர். வீண் பேப்பரைக் குறைத்ததற்காக அந்த மாதக் கூட்டத்தில் அவரை எம்.டி. பாராட்டினார்.

அதைவிடப் பெரிய மாற்றம் வேறு. சேல்ஸ் மேனேஜர் இப்போது எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுவதில்லை. டீ பில்லைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார். இரண்டு நாளில் வந்துகொண்டிருந்த கணக்குகள் இப்போது மாதக் கடைசிவரை அவர் மேஜையில் கிடக்கின்றன. சேல்ஸில் ஒருவன் வீட்டு வாடகைக்குக் கடன் வாங்கிவிட்டான். இன்னொருவன் சொந்தக் காசில் வெளியூர் போக முடியாது என்று சொல்லி மெமோ வாங்கிவிட்டான்.

சாப்பாட்டு நேரத்தில் ஸ்பானர் டிபன் பாக்ஸோடு வந்தால் பெஞ்சில் யாரும் நகர்ந்து இடம் விடுவதில்லை. நேற்று ஒருவர், சேல்ஸில் சீனியர், எல்லோர் முன்னாலும் கேட்டேவிட்டார்.

“ஏம்ப்பா, வழியில தொலைஞ்சுபோச்சுன்னு எழுதத் தெரியாதா உனக்கு? எங்க எல்லார் காசும் மாட்டிக்கிட்டு நிக்குது.”

“ஆனா அது தொலையலையே சார்,” என்றான் ஸ்பானர்.

அவர் தலையில் அடித்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தார். நான் என் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து அவனை உட்காரச் சொன்னேன். எதிர்வரிசையில் இருந்தவர்கள் என்னையும் சேர்த்து முறைத்தார்கள்.