மூலையில் வைத்த ‘இல்லை’

மஹதியின் யூடியூப் சேனலுக்குத் தம்ப்நெயில், அதாவது வீடியோவின் முகப்புப் படம், செய்வது நான்தான். நாற்பது நிமிஷ வீடியோவுக்கு ஆளை இழுப்பது அந்த ஒரு படமும் தலைப்பும் என்பதால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

தி.நகர் அய்யாதுரை அண்ணாச்சி கடையில் போலிப் பட்டு விற்கிறார்கள் என்று வாட்ஸப்பில் ஒரு வதந்தி சுற்றியது. மஹதி சொல்லாமல் போய் ஐந்து புடவை வாங்கி ஆய்வகத்தில் கொடுத்தாள். நூலை எரித்தும் பார்த்தோம். ஐந்தும் சுத்தப் பட்டு. முகூர்த்த நாட்களுக்குள் ஊருக்கு உண்மை தெரிந்தால்தான் கடை பிழைக்கும். கடை போர்டை வீடியோவில் காட்ட அண்ணாச்சி சந்தோஷமாகச் சம்மதித்தார்.

“பொய் வேண்டாம், செம்பியன். அதுக்காக யாருமே பாக்காம போனாலும் பிரயோஜனமில்லை” என்றாள் மஹதி.

கடை போர்டின் மேல் ‘இந்தப் பட்டு போலி’ என்று சிவப்பில் பெரிதாகப் போட்டேன். அதன் கீழே, வலது ஓரத்தில், சின்ன வெள்ளை எழுத்தில் ‘இல்லை’. கண் ‘போலி’யில் திடுக்கிட்டு ‘இல்லை’யில் ஆறும் என்பது என் கணக்கு. மஹதி மானிட்டரில் பார்த்து, “நன்னாருக்கு” என்றாள்.

காலையில் ஏற்றினோம். வழக்கமாகப் படத்தைப் பார்க்கிற நூறு பேரில் நான்கு பேர் கிளிக் செய்வார்கள், அன்று மதியத்துக்குள் ஒன்பது. நான் காலரைத் தூக்கிக்கொண்டேன்.

“முதல் நிமிஷத்துலயே பாதிப் பேர் எழுந்து போயிண்டிருக்கா. வேற எதையோ எதிர்பார்த்து வரா” என்றாள் மஹதி.

அப்போதுதான் அண்ணாச்சி கூப்பிட்டார். “ஏம்மா, படத்துல போலின்னுல்லா போட்டிருக்கு?”

“கீழ இல்லைன்னு இருக்கே, அண்ணாச்சி.”

“எங்க?”

போனில் திறந்து பார்த்தோம். வீடியோவின் நீளத்தைக் காட்டும் கறுப்புப் பெட்டி வலது கீழ் மூலையில் உட்கார்ந்திருந்தது: 41:07. அதன் அடியில் என் ‘இல்லை’ புதைந்து கிடந்தது. தமிழில் மறுப்பு கடைசியில்தான் வரும். படத்தில் கடைசி இடம் அந்தப் பெட்டிக்குச் சொந்தம். அந்த மூலையைக் காலியாக விட வேண்டும் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவன் நான். வெட்கமாக இருந்தது.

பத்து நிமிஷத்தில் மாற்றினோம். எரித்த நூலின் சாம்பல் மஹதியின் உள்ளங்கையில். இடது மேலே ‘எரித்துப் பார்த்தோம்’. தலைப்பு: ‘சுத்தப் பட்டுதான்: போலி என்று பரவிய ஐந்து புடவைகளின் சோதனை’. கிளிக் ஆறாக இறங்கியது. வந்தவர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள்.

மறுநாள் மன்னிப்புக் கேட்கக் கடைக்குப் போனேன். கூட்டம் இல்லை. அண்ணாச்சி திட்டவில்லை, காபி வரவழைத்தார்.

“முதப் படத்தை நூறு பேரு பாத்தா எத்தன பேரு உள்ள வந்தாங்க, தம்பி?”

“ஒம்பது பேர், அண்ணாச்சி. அதுவே ரொம்ப ஜாஸ்தி.”

அவர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

“மிச்சத் தொண்ணூத்தொரு பேரும் என்ன வாசிச்சிட்டுப் போனாங்க?”