ஒத்திவைத்த ஞாயிறு

எழுதியதை நளினி மறுபடியும் அழித்தாள். ‘விருந்து இல்லை’ என்ற தொடக்கம் கதவைச் சாத்துவதுபோல் இருந்தது.

பக்கத்து வீட்டுக் காத்தவராயன் அன்று விடியலில் இறந்துபோயிருந்தார். தங்கச் சுரங்கத் தொழிலாளருக்காகக் கட்டிய ஊரிகத்து லைன் வீடுகளில் இரண்டு குடும்பங்களுக்கும் ஒரே சுவர். அதுவும் கூரைவரை எட்டாத சுவர். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நளினி வீட்டில் உடன்பிறந்தார் அனைவரும் கூடுவதாக ஏற்பாடு. ஆட்டுக்கறிக்குச் சொல்லியாயிற்று. வாடகை நாற்காலிகளும் வாசலில் வந்து இறங்கிவிட்டன.

எல்லாம் பிரதாப் அண்ணனுக்காகத்தான். அம்மா இறந்த அன்று, ஓசூரிலிருந்து அவர் வந்து சேருமுன்னே உடலை எடுத்துவிட்டார்கள். வெயிலைக் காரணம் காட்டினார்கள் பெரியவர்கள், நளினியும் தலையசைத்தாள். அன்றிலிருந்து அவளுடைய அழைப்பை அவர் எடுப்பதில்லை. ‘அம்மா வீடு’ என்ற வாட்ஸப் குழுவை விட்டு மட்டும் ஏனோ விலகவில்லை. போன வாரம் அதில்தான், “சரி, வரேன்” என்று எழுதியிருந்தார். இப்பொழுது வரவேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

குழுவில் இடுமுன் பெங்களூரிலிருக்கும் தங்கை இந்துவுக்குத் தனியே தெரிவித்திருந்தாள். பதில் குரல் செய்தியாக வந்தது. காப்பிப் பாத்திரத்தை இறக்கிய ஈரக் கையால் நளினி அதைத் தொட்டாள். ஒலி முழுதாக எழுந்தது.

“பக்கத்து வூட்டுக்காரங்கதானேக்கா? நமக்கு இன்னா தீட்டு? தள்ளி வெச்சா அண்ணன் அதையே சாக்கா வெச்சிக்கினு வராமலே இருந்துடும். கதவ சாத்திக்கினு சாப்ட்டு போயிடலாம்…”

பதறி நிறுத்தினாள். சுவருக்கு அப்பால் அழுகையும் நின்றிருந்தது.

சாவு வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். காப்பி பக்கத்து வீட்டிலிருந்துதான் போகவேண்டும். நளினி பாத்திரத்தை எடுத்துக்கொண்டு தலைகுனிந்து உள்ளே நுழைந்தாள். கணவரின் தலைமாட்டில் கிருஷ்ணம்மா அமர்ந்திருந்தாள்.

“பிரதாப் வர்றான்னு சொன்னியேடி. எத்தினி வருசம் ஆச்சி அவன் இந்த லைனுக்கு வந்து!”

“அத்தே, அவ தெரியாம பேசிட்டா…”

“அவள வுடு. நீ விருந்த வெச்சிக்க. நாளைக்குப் பாலு ஊத்திட்டு வந்துட்டா நாங்க சும்மாத்தான் ஒக்காந்துக்கினு இருப்போம். சத்தம் போட்டு அழ மாட்டோம்.”

நளினி காப்பியை ஊற்றிக் கொடுத்தாள்; கிருஷ்ணம்மா அதைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தாள்.

வீட்டிற்கு வந்து, நின்றபடியே எழுதினாள்.

“அனைவருக்கும் வணக்கம். நம் பக்கத்து வீட்டுக் காத்தவராயன் மாமா இன்று விடியற்காலை காலமாகிவிட்டார். நாளை அவர்கள் பால் ஊற்றுகிறார்கள். ஒரே சுவர், இந்தப் பக்கம் விருந்து வைக்க மனம் ஒப்பவில்லை. கருமாதி முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை கூடலாமா? சௌகரியப்படாதவர்கள் சொல்லுங்கள், வேறு நாள் பார்ப்போம். பிரதாப் அண்ணா, உங்களிடம் முதலில் பேசியிருக்கவேண்டும், மன்னியுங்கள். எந்த நாளானாலும் நீங்கள் வந்தால்தான் விருந்து.”

‘ரத்து’ என்ற சொல் எங்கேனும் ஒளிந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தாள். அனுப்பினாள். பழைய விருந்து அழைப்பு குழுவின் உச்சியில் இன்னும் ‘பின்’ குத்தப்பட்டிருந்தது. அதை எடுத்துவிட்டுப் புதிய செய்தியைக் குத்தினாள்.

கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்தன. ஒருவர் கட்டைவிரலை உயர்த்திவிட்டு, உடனே அதை நீக்கிக் கைகூப்பினார். “சரிக்கா. சாரி” என்றாள் இந்து. செய்தியை அழுத்திப் பார்த்தாள் நளினி. படித்தவர்களின் வரிசையில் பிரதாப்பின் பெயரும் இருந்தது. அவர் எழுதுகிறார் என்று காட்டிற்று. பிறகு அதுவும் மறைந்துபோயிற்று.

நளினி கறிக்கடைக்காரருக்குப் போன் செய்து வேண்டாமென்றாள். வந்திருந்தவர்கள் வெயிலில் நின்றார்கள்; வாசலிலிருந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பக்கத்து வீட்டுப் பந்தலின்கீழ்ப் போடத் தொடங்கினாள்.

இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. குழுவில் பிரதாப்.

“எத்தனை மணிக்கு எடுக்கறாங்க?”

வாசலில் நின்றபடியே உள்நோக்கிக் கேட்டாள்: “அத்தே, எத்தினி மணிக்கு? அண்ணன் கேக்குது.”

கிருஷ்ணம்மா நிமிர்ந்தாள். “இவரும் அவனும் ஒரே கேஜுல சுரங்கத்துக்குள்ள எறங்கினவங்க… நாலு மணின்னாங்க. அவன் வந்துக்கினு இருந்தா சொல்லு. அதுவரைக்கும் எடுக்காம இருக்கலாம்.”

காலையெல்லாம் சொல் சொல்லாகத் தேடிக்கொண்டிருந்தவள், “நாலு மணி. நீங்க வர்ற வரைக்கும் இருப்பாங்க” என்று மட்டும் தட்டினாள்.

எஞ்சியிருந்த நாற்காலியைத் தன் வீட்டுவாசல் நிழலில் போட்டு, முந்தானையால் துடைத்தாள். பந்தலிலிருந்து வந்த ஒருவர் அதைத் தூக்கக் கை வைத்தார்.

“அது இருக்கட்டுங்க” என்றாள்.