மூத்த கல், அடுத்த கல், கடைசிக் கல்

நான் சொல்லப்போவதில் ஒரு வார்த்தை பொய்யாக இருந்தாலும் என் இடது கை மணிக்கட்டோடு அழுகி விழட்டும். இடது கை மேல் ஆணையிடுவதற்குக் காரணம் உண்டு. தோதாத்ரியாகிய நான் திருப்பதியில் முப்பத்தெட்டு வருடம் பாறைகளின் குறுக்குவெட்டுப் படம் வரைந்தவன். இடது கையால் வரைகிறவன். வலது கையால் சாப்பிடுவேன், பெருமாளுக்குத் துளசி சாற்றுவேன், அவ்வளவுதான். அந்த வலது கைக்குச் சோறு போட்டது இடது கை.

நகரிக்கு மேற்கே கழுகுமுட்டி என்று ஒரு குன்று. அதன் சொந்தக்காரர் சாகும்போது மூன்று பிள்ளைகளுக்கும் ஒரு காகிதம் எழுதி வைத்தார். "மலையிலே இருக்கிற கல்லை வயசுப்படி பிரிச்சிக்குங்க. மூத்த கல் மூத்தவனுக்கு. அடுத்த கல் அடுத்தவனுக்கு. கடைசிக் கல் கடைசிப் பிள்ளைக்கு." மூத்தவன் நாகபூஷணம், அடுத்தவன் சுரேஷ்பாபு, கடைசிப் பிள்ளை வரலட்சுமி. குன்றில் இரண்டே கல்தான் கண்ணுக்குத் தெரிந்தது. ஒன்று சாம்பல் நிறப் பலகைக் கல். தளம் போட லாரி லாரியாகப் போகும். மற்றது வெள்ளைக் கல். உடைத்தால் உளிதான் உடையும். மூன்றாவது கல் இல்லை, ஆகவே தங்கைக்குப் பங்கும் இல்லை என்று அண்ணன்கள் ஒரே மனதாக முடிவு செய்தார்கள். அதுதான் அவர்கள் கடைசியாக ஒரே மனதாகச் செய்த காரியம். தங்கைக்கு வெடி வைக்கிற வேலை கொடுத்தார்கள்.

சண்டை எப்படி வந்ததென்றால், நாகபூஷணம் குன்றின் மேற்கே வெட்டினான். அங்கே வெள்ளை மேலே, சாம்பல் கீழே. கீழே இருப்பது முதலில் படிந்தது, ஆகவே பழையது. "சாம்பல்தான் மூத்த கல்லு, என்னுது" என்றான். சுரேஷ்பாபு கிழக்கே வெட்டினான். அங்கே சாம்பல் மேலே, வெள்ளை கீழே. "மேல இருக்கிறதுதானே புச்சு? சாம்பல் என்னுது" என்றான். இரண்டு பேரும் ஒரே விதியைத்தான் சொன்னார்கள்.

பதினோரு வருடத்தில் அந்தக் குன்றில் கல்லைவிட எலும்பு அதிகமாக உடைந்தது. பெரியப்பா மகன் ஒருவனுக்குக் கடப்பாரை வீச்சில் காது பறந்துபோய், காக்கை ஒன்று அதைக் கொத்திக்கொண்டு போனது. அந்தக் காக்கை அதற்குப் பிறகு எவ்வளவு தூரத்திலிருந்து கூப்பிட்டாலும் வரும். மேஸ்திரி ஒருவனைக் கல் நொறுக்கும் எந்திரத்தில் தள்ளினார்கள். முக்கால் இன்ச் ஜல்லியோடு அவனும் ரேணிகுண்டா போய்விட்டான். முதலில் வந்த கல் நிபுணர் சாம்பல் பழையது என்றார். சுரேஷ்பாபு அவர் காலை உடைத்தான். இரண்டாமவர் சாம்பல் புதியது என்றார். நாகபூஷணம் அவருடைய இரண்டு காலையும் உடைத்தான், மூத்தவன் அல்லவா. இருவரும் புத்தூரில் கட்டுப் போட்டுக்கொண்டு பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுத்தபடி இன்னும் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவதாக நீரஜாவை அழைத்தார்கள். எங்கள் தெருப் பெண், பாறை படித்தவள். படம் வரைய என்னை இழுத்துக்கொண்டு போனாள். கால் உடைப்பதில் பலனில்லை என்று அண்ணன் தம்பிகள் இந்த முறை கைக்கு வந்திருந்தார்கள்.

"சாமி, சாம்பல் புச்சுன்னு படம் வந்துதுன்னு வெச்சிக்கோ, உன் சோத்துக் கை எனக்கு" என்றான் நாகபூஷணம்.

"பழசுன்னு வந்துதுன்னா அந்தாண்ட கை எனக்கு" என்றான் சுரேஷ்பாபு. "அதனால உனக்கு இன்னா நஷ்டம்? சும்மா தொங்கிக்கினுதானே கீது?"

நான் இடது கையை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டேன்.

நான்கு நாள் குன்றை அளந்தோம். ஒவ்வொரு கல்லும் எந்தப் பக்கம் சாய்கிறது, எத்தனை பாகை சாய்கிறது என்று நீரஜா சொல்ல, குன்றைக் கேக் மாதிரி நடுவில் அறுத்தால் பக்கவாட்டில் எப்படித் தெரியுமோ அப்படி நான் வரைந்தேன். குன்றின் நடுவே ஒரு பிளவு இருந்தது. அதன் இருபுறமும் ஒரே அடுக்கு ஒரே மட்டத்தில் இல்லை. கிழக்குப் பாதி பன்னிரண்டு அடி கீழே இறங்கியிருந்தது. வடக்கு ஓரத்தில் முள்ளுச்செடிக்கடியில் ஒரு கறுப்புப் பட்டை சுவர் மாதிரி ஓடியது. அதையும் வரைந்தேன்.

நான்காம் நாள் லாட்ஜ் அறையில் படம் முடிந்தது. சாம்பல்தான் பழையது. இடது கைதான் போகும்.

கிழக்குப் பக்கத்து அடுக்குகள் படிந்த காலத்தில் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று காட்ட ஒரு சின்ன அம்புக்குறி உண்டு. அதை ரப்பரால் அழித்துத் திருப்பிப் போட்டேன். நீரஜா காப்பி குடித்தபடியே வந்து பார்த்து, அழித்து நேராக்கினாள். மறுபடி திருப்பினேன். மறுபடி நேராக்கினாள். மூன்றாம் தடவை காகிதம் தேய்ந்து ஓட்டையாகும்போலிருந்தது.

"மாமா, அம்பைத் திருப்பினா கல்லு திரும்பாது."

"கல்லுக்கு ரெண்டு கை இல்லையேம்மா."

"அம்பு இப்படியே இருக்கட்டும். நான் பேசிக்கறேன்" என்றாள். பேசுவாள். வெட்டுப்படப் போவது அவள் கையா?

மறுநாள் காலை பத்து மணிக்குக் கிழக்குப் பள்ளத்தில், கவிழ்த்துப் போட்ட வெடிமருந்துப் பெட்டியின் மேல் படத்தை விரித்தோம். நாலு மூலையிலும் நாலு அரிவாளைப் பாரமாக வைத்தார்கள். என் வலது கையை ஒரு கல்லில் வைத்து நாகபூஷணத்தின் ஆள் மிதித்துக்கொண்டான். இடது கையை இன்னொரு கல்லில் வைத்து சுரேஷ்பாபுவே மிதித்துக்கொண்டான். வரலட்சுமி சற்றுத் தள்ளி, வெடி கொளுத்தும் பெட்டியை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அன்றைய வெடிக்கான குழிகளில் மருந்து நிரப்பியாகிவிட்டது.

"மேடம், இங்கிலீஷ் வேணாம்" என்றான் நாகபூஷணம். "எருமைக்குச் சொல்ற மாதிரி என் தம்பிக்குச் சொல்லு."

"அண்ணனுக்கு அதுகூடப் புரியாது மேடம். எருமை அவனைவிட ஒரு கிளாஸ் ஜாஸ்தி."

நீரஜா இருவர் தோளிலிருந்தும் துண்டை உருவினாள். நகரித் தறியில் நெய்த துண்டுகள். நாகபூஷணத்துடையது சாம்பல் நிறம், சுரேஷ்பாபுவுடையது வெள்ளை. பெட்டியில் படத்துக்குப் பக்கத்தில் சாம்பலைக் கீழே விரித்து, வெள்ளையை அதன்மேல் விரித்தாள்.

"முதல்ல சாம்பல் படிஞ்சது. அது மேல வெள்ளை படிஞ்சது. அப்புறம் மேற்கேயிருந்து பூமி நெருக்கிச்சு." துண்டுகளைத் தள்ளினாள். அவை எழும்பி மடிந்தன. இன்னும் தள்ளினாள். மடிப்பு கிழக்கே சாய்ந்து குப்புற விழுந்தது. "மேற்குப் பக்கம் பாருங்க, வெள்ளை மேல. கவிழ்ந்த பக்கத்துல பாருங்க. சாம்பல் மேல, வெள்ளை கீழ. மடிப்போட உச்சியை மழையும் காத்தும் அரிச்சுடுச்சு. மிச்சம்தான் உங்க குன்று."

"கவுந்தது என் பக்கம்தான்னு யார் சொன்னது?" என்றான் சுரேஷ்பாபு. மிதி இறுகியது. "அவன் பக்கம் கவுந்திருக்கலாமே?"

நியாயமான கேள்வி. என் விரல்கள் அதை ஆமோதித்தன.

"உங்க வெள்ளைக் கல்லு அந்தக் காலத்துல தண்ணிக்கடியில் மணல். அலை அடிச்சா மணல்ல வரி விழும். வரியோட முனை கூரா மேலே பாக்கும், பள்ளம் உருண்டையா இருக்கும். அண்ணன் பக்கம் முனை வானத்தைப் பாக்குது. அதோ, உங்க பக்கத்து வெள்ளைப் பாறை துருத்திக்கிட்டு நிக்குதே, அதுக்கு அடியில கைவிட்டுத் தடவிப் பாருங்க."

சுரேஷ்பாபு என் கையை விட்டு, வேறொருவனை மிதிக்கச் சொல்லிவிட்டுப் போய்த் தடவினான். கூரான முனைகள் தரையைப் பார்த்தபடி அவன் உள்ளங்கையைக் கிழித்தன. ரத்தம் சொட்டத் திரும்பி வந்தான்.

"தலகீழ்தான்" என்றான்.

நாகபூஷணம் சிரித்தான். பதினோரு வருடத்துச் சிரிப்பு, நிறுத்த நேரமாகியது. தம்பி சொன்ன சொல் தவறாதவன், அரிவாளை எடுத்தான். என் இடது மணிக்கட்டில் ஒரு தடவை வைத்து அளவு பார்த்தான்.

"இன்னும் முடியல. அதைக் குடுங்க" என்று நீரஜா அரிவாளை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். படித்த பெண் கேட்டால் யாரும் கொடுத்துவிடுவார்கள். மடித்த துண்டுகளின் குறுக்கே ஒரே வெட்டு. பெட்டியின் பலகையும் பிளந்தது. கிழக்குப் பாதியைக் கொஞ்சம் கீழே இழுத்தாள். "இது பிளவு. மடிப்பையும் சேர்த்து வெட்டியிருக்கு. அப்போ மடிஞ்சது முந்தி, வெட்டினது பிந்தி."

"ஒப்புக்கிறேன் மேடம். கத்தியக் கொடு, சாமிக்கு நேரமாவுது" என்றான் சுரேஷ்பாபு.

அப்போதுதான் வரலட்சுமி வாயைத் திறந்தாள்.

"அக்கா, படத்துல கறுப்பா ஒண்ணு போவுதே. அது இன்னா?"

நீரஜா பக்கத்தில் நின்ற பொக்லைன் சக்கரத்திலிருந்து கிரீஸை விரலில் வழித்து, வெட்டுப்பட்ட துண்டுகளின் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். சாம்பல், வெள்ளை, பிளவு, மறுபடி வெள்ளை, சாம்பல். கோடு எங்கேயும் முறியவில்லை.

"இது பூமிக்கடியிலிருந்து உருகி ஏறிவந்த கல்லு. எல்லாத்தையும் வெட்டிக்கிட்டுப் போகுது. பிளவைத் தாண்டும்போதுகூட அரை அங்குலம் நகரல. பிளவுக்கு முந்தி வந்திருந்தா அதுவும் பன்னிரண்டு அடி இறங்கியிருக்கணும். வெட்டறது எப்பவும் வெட்டுப்படறதைவிட இளசு. இந்தக் குன்றுல கடைசிக் கல்லு இதுதான்."

கறுப்புக் கல் என்ன விலைக்குப் போகிறது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். வெளிநாட்டில் செத்தவர்கள் தலைமாட்டில் அதைத்தான் நடுகிறார்கள். சாம்பல் ஒரு லாரிக்கு வருவது கறுப்பு ஒரு பாளத்துக்கு வரும்.

"கடைசிக் கல்லு கடைசிப் பிள்ளைக்கு" என்றாள் வரலட்சுமி. "நைனா கையெழுத்து."

அண்ணன் தம்பி இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என் இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் விடுபட்டன. ஆளுக்கொரு அரிவாளைப் பொறுக்கிக்கொண்டு, பதினோரு வருடத்தில் முதல்தடவையாக ஒரே திசையில் ஓடினார்கள். தங்கை இருந்த திசையில்.

"அண்ணா, அங்கியே நில்லுங்க."

"பொட்டி மேல இருந்து கைய எடு பாப்பா!"

"அண்ணா, நீங்க ரெண்டு பேரும் நிக்கிறது பிளவுக்கு நேரே கீழ."

அந்தப் பிளவு சறுக்குமரம் போலக் கிழக்குப் பள்ளத்தைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. படத்தில் அறுபது பாகை என்று என் கைப்பட எழுதியிருந்தேன். அதன் அடியைத் தாங்கிக்கொண்டிருந்த பாறையில்தான் அன்றைய வெடிக்குழிகள். சுரேஷ்பாபு நிற்கவில்லை. நாகபூஷணம் நிற்கவில்லை. வரலட்சுமி சாவியைத் திருப்பினாள்.

அடிப்பாறை தூளாகிப் பறந்தது. தாங்க ஒன்றும் இல்லாத மேல்பாறை பிளவின் வழியே வழுக்கி இறங்கியது. நீரஜா என்னைக் குடுமியைப் பிடித்து இழுத்துப் பொக்லைனுக்கு அடியில் தள்ளினாள். அரிவாள் ஒன்று சுழன்று வந்து என் இடது கைக் கடிகாரத்தைப் பாதியாக வெட்டியது. மணி பத்து நாற்பது. கடிகாரத்துக்குக் கீழே தோலில் ஒரு கீறல்கூட இல்லை.

மூன்று நாள் தோண்டினார்கள். நசுங்கிய நிலையில் மூத்தவன் மேலேயும் இளையவன் கீழேயும் கிடைத்தார்கள். நீரஜா குனிந்து பார்த்துவிட்டு, "தலைகீழ் அடுக்கு" என்று நோட்டில் குறித்துக்கொண்டாள். போலீஸுக்கும் குறுக்குவெட்டுப் படம் நான்தான் வரைந்து கொடுத்தேன், இடது கையால். வரலட்சுமி முதல் கறுப்புப் பாளத்தில் இரண்டு கல்லறைக் கல் செதுக்கி அண்ணன்களுக்கு நட்டாள். இவை அத்தனையும் சத்தியம்.

நேரில் போய்ப் பார்க்க நினைப்பவர்களுக்கு மட்டும் ஒன்று சொல்லிவிடுகிறேன்: கழுகுமுட்டிக் குன்று அடியிலிருந்து உச்சிவரை ஒரே கிரானைட். கிரானைட்டில் மடிவதற்குப் படிந்த அடுக்கே கிடையாது.