தங்க வளையல் போட்ட கை

பெரியவள் மாம்பழத்தைக் குறுக்கே வெட்டி, சின்னவளின் முகத்துக்கு நேரே நீட்டினாள். தோல் மட்டும் லேசாக வெளுத்திருந்தது. உள்ளே சதை வெள்ளரிக்காய் மாதிரி.

"இதுல ஜூஸ் போடச் சொல்றியா, ஊறுகாய் போடச் சொல்றியா?"

ஜூஸ் கடையின் பின்பக்க அறையில் பெட்டிகள் அடுக்கியிருந்தன. எல்லாம் அன்று காலை சின்னவளின் கணவன் மொத்த மார்க்கெட்டிலிருந்து வேனில் கொண்டுவந்தவை. மூன்றாவது முறையாக இப்படி. முந்தின வாரம் ஒரு வாடிக்கையாளர், மிக்ஸியில் சர்க்கரை போட்டீர்களா புளி போட்டீர்களா என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டுப் போயிருந்தார்.

"காலைல போட்டோ பார்த்தியே, எப்படி இருந்துச்சு?"

"மஞ்சளா இருந்துச்சுக்கா. நல்ல மஞ்சள்."

"அப்ப பெட்டியில ஏறினது வேற பழம்." பெரியவள் கத்தியைத் துடைத்து வைத்தாள். "உன் வீட்டுக்காரர் ஒண்ணைப் படம் பிடிச்சுக் காட்டிட்டு வேற ஒண்ணை ஏத்திட்டு வர்றாரு. எதுக்குன்னு எனக்குத் தெரியாது. நாளைக்கும் காய் வந்துச்சுன்னா மறுநாள்லேருந்து மார்க்கெட்டுக்கு எங்க வீட்டுக்காரர் போவாரு. உன் ஆளு பழையபடி வேன் ஓட்டிப் பொழைச்சுக்கட்டும்."

பெரியவள் சொன்னால் சொன்னதுதான். கடை அக்கா தங்கை இருவருக்கும் சொந்தம் என்றாலும் கல்லாப்பெட்டியும் வாயும் அவளிடம்தான்.

திருமணத்துக்கு முன்பு அவன் ஊர் ஊராக வேன் ஓட்டியவன். பழம் பார்க்கத் தெரியாது. அதனால் சின்னவள் ஒரு ஏற்பாடு செய்திருந்தாள். அவன் குவியலுக்குக் குவியல் படம் எடுத்து அனுப்புவான். கடையில் மிக்ஸி கழுவிக்கொண்டே அவள் பார்த்து 'எடு', 'வேண்டாம்' என்று பதில் போடுவாள். முதல் நாளே பாடமும் சொல்லிக் கொடுத்திருந்தாள். "தரையெல்லாம் எனக்கு எதுக்குங்க? கிட்டப் பிடிச்சு எடுங்க. பழம் மட்டும் தெரியணும்."

அன்று மதியம் கூட்டம் குறைந்ததும் காலையில் வந்த படங்களை விரித்துப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஒவ்வொரு பழமும் பொன் நிறம். ஒரு சுருக்கம் இல்லை, புள்ளி இல்லை, எண்ணெய் தேய்த்த மாதிரி பளபளப்பு. இப்படிப்பட்ட பழத்தை யார் வேண்டாம் என்பார்கள்?

மூன்றாவது படத்தின் ஓரத்தில் விரல் நின்றது. பெட்டியின் விளிம்பைப் பிடித்தபடி ஒரு பெண்ணின் கை. முழங்கை வரைக்கும்கூட இல்லை, மணிக்கட்டு மட்டும். அதில் தடிமனாக ஒரு தங்க வளையல்.

முந்தின முறை வந்த படங்களைத் தேடினாள். அதிலும் ஒன்றில் அதே கை. அதே வளையல்.

மண்டியில் மூட்டை தூக்குகிற இடத்தில் இவ்வளவு தங்கம் போட்டுக்கொண்டு எவள் நிற்கிறாள்? ஒவ்வொரு முறையும் அந்தக் கடையிலேயே ஏன் வாங்குகிறான்? பேச்சுக் கொடுத்து மயக்கி, காயை அவன் தலையில் கட்டுகிறாளோ? மயங்குகிற அளவுக்கு அங்கே என்ன நடக்கிறது?

சாயங்காலம் அவன் வேனைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஃபோனை நீட்டினாள். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பாடுபட்டாள்.

"இது யாரு கைங்க?"

அவன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டுப் பார்த்தான். "எடை போடுற அம்மாவா இருக்கும். பெட்டியை நகர்த்திக் கொடுப்பாங்க."

"தங்க வளையல் போட்டுக்கிட்டா எடை போடுறாங்க?"

"தங்கமா? அவங்க வெள்ளை வளையல்தானே போட்டிருப்பாங்க? பிளாஸ்டிக்கு." சொல்லிவிட்டு மறுபடி படத்தைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான். "இதுல மஞ்சளாத்தான் தெரியுது. அப்ப வேற யாராவது இருக்கும்."

ஒரே மூச்சில் இரண்டு பதில். சின்னவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

"நாளைக்கு நானும் வர்றேன்."

"வாயேன்," என்றான் அவன், உண்மையிலேயே சந்தோஷமாக. அந்தச் சந்தோஷத்தையும் அவள் நம்பவில்லை.

மறுநாள் விடிந்த பிறகே கிளம்பினார்கள். வழியெல்லாம் அவன் பேசிக்கொண்டே வந்தான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, அந்தக் கைக்கு ஒரு முகம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முகமும் முந்தினதைவிட அழகாக இருந்தது.

மொத்தக் கடையின் வாசலில், தராசுக்குப் பக்கத்தில், வெயிலில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வெற்று நெற்றி, முன்பல்லில் ஒன்று இல்லை. கையில் தடிமனான வெள்ளை பிளாஸ்டிக் வளையல்.

"வா தம்பி. இன்னைக்கு ஜோடியா வந்திருக்க?" என்ற அம்மாள் சின்னவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீதானா அந்த ஃபோன் மகாராணி? உன் புருஷன் இங்க வந்து, பழத்தைப் பொண்ணு பார்க்க வந்தவன் மாதிரி ஃபோனைப் பிடிச்சுக்கிட்டே நிக்கிறாரு. உத்தரவு வந்தாத்தான் அசையுறாரு."

சின்னவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தக் கை இல்லையென்றால் அந்தக் கை எங்கே? உள்ளே எட்டிப் பார்த்தாள். சுமை இறக்குகிற ஆண்கள், திண்டில் சாய்ந்திருக்கும் முதலாளி. வேறு பெண்ணே இல்லை.

"வாங்க, பழத்தைக் காட்டுறேன்," என்று அந்த அம்மாளே எழுந்து உள்ளே போனாள். குவியல்கள் இருந்த முற்றத்துக்குள் நுழைந்து, ஒரு பெட்டியின் விளிம்பைப் பிடித்து இழுத்தாள்.

வளையல் தங்கமாகிவிட்டது.

சின்னவள் நின்ற இடத்திலேயே நின்றாள். அம்மாளின் கையைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள். கணவனின் வெள்ளைச் சட்டையைப் பார்த்தாள். எல்லாமே மஞ்சள் பூசியிருந்தன. தலையைத் தூக்கினாள். முற்றம் முழுவதையும் மூடி, கெட்டியான மஞ்சள் தார்ப்பாய். அதன் வழியாக வெயில் மஞ்சளாகவே இறங்கியது.

எதிரே மாம்பழக் குவியல் பொன்னாகக் குவிந்திருந்தது. ஒன்றை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தாள். வெயிலில் பிடித்ததும் அது வெளிறிய பச்சையாகிவிட்டது.

"என்னங்க, இங்க வாங்க."

அவன் வந்து பார்த்தான். வாய் திறந்தபடி உள்ளே ஓடி இன்னொன்றை எடுத்து வந்தான். அதுவும் பச்சை. "உள்ள நின்னா எனக்கே மஞ்சளாத்தான் தெரியுது. அப்புறம் பெட்டியில மூடி ஏத்திடுவாங்க. நம்ம கடையிலதானே திறக்குறோம்."

பழத்தை அவள் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தாள். காம்பு ஒட்டியிருந்த இடத்திலிருந்து தோள்கள் சரிந்து இறங்கின. நன்றாக முற்றிய காயாக இருந்தால் இரண்டு தோளும் காம்பைவிட மேலே எழும்பி, காம்பு குழிக்குள் உட்கார்ந்திருக்கும். கன்னம் உப்பியிருக்கும். இது ஒட்டிய கன்னம், முற்றுவதற்கு முன்பே பறித்தது. காம்பைச் சுற்றித் தோல் சுருங்கவும் தொடங்கியிருந்தது. இதைப் பழுக்க வைத்தாலும் இனிக்காது.

ஃபோனை எடுத்து நேற்றைய படத்தைப் பக்கத்தில் வைத்தாள். தோலின் சுருக்கத்தை மங்கிய வெளிச்சத்தில் ஃபோனே வழவழப்பாக்கிவிட்டிருந்தது. மேலே தண்ணீர் தெளித்திருந்ததால் பளபளப்பு. கிட்டப் பிடித்ததால் முன்னால் இருந்த பழத்தின் கன்னம் உப்பித் தெரிந்தது. ஆனால் பின்வரிசையில் இரண்டு பழங்கள் பக்கவாட்டாகக் கிடந்தன. அவற்றின் தோள்கள் சரிந்தே இருந்தன. படம் அதை மறைக்கவில்லை. அவள்தான் நிறத்தைப் பார்த்ததும் 'எடு' என்று அடித்திருந்தாள். நிறத்தை ஒத்துப் பார்க்க ஒரு வெள்ளைத் துண்டுக் காகிதம்கூடப் படத்தில் விழாதபடி, பழம் மட்டும் தெரியணும் என்று சொன்னதும் அவளேதான்.

முதலாளி திண்டிலிருந்தே குரல் கொடுத்தார். "என்னம்மா, பழத்தை வெயிலுக்கெல்லாம் கூட்டிட்டுப் போறீங்க?"

"மஞ்சள் தார்ப்பாய் எதுக்குண்ணே?"

"வெயிலுக்குத்தான். பழம் வாடக் கூடாதுல்ல?"

"முற்றத்துக்குப் பின்னாடி வெங்காயத்துக்கு மட்டும் நீலத் தார்ப்பாய் கட்டியிருக்கீங்க. அதுக்கும் அதே வெயில்தானே?"

முதலாளி சிரித்தார். எடைக்கார அம்மாள் வாசலுக்குத் திரும்பி, தராசுத் தட்டை ரொம்பக் கவனமாகத் துடைக்கத் தொடங்கினாள்.

தெருவின் எதிர்ப்பக்கத்தில், கூரை இல்லாத ஒரு கடையில் கரும்பச்சைப் பழங்கள் குவிந்திருந்தன. கணவன் மெதுவாகச் சொன்னான். "போன வாரம் இதைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். வாசனை நல்லா வருதுன்னு சொன்னேன். 'பச்சை, வேண்டாம்'னு போட்டுட்டே."

அவள் கிட்டப் போனாள். நாலடி தூரத்திலேயே வாசனை வந்தது. தோள்கள் எழும்பி, காம்பு குழிக்குள் இருந்தது. தோலில் புள்ளிகள் அகன்று பரவியிருந்தன. காம்போரம் விரலால் மெல்ல அழுத்தினாள், லேசாக உள்வாங்கியது. பழுத்தாலும் பச்சை மாறாத ரகம். கடைக்காரர் ஒன்றை வெட்டிக் காட்டினார். உள்ளே கொழுகொழுவென்று ஆரஞ்சு.

"எடு," என்றாள் கணவனிடம், நேராகவே.

திரும்பும்போது வேனில் அவன் கொஞ்ச நேரம் விசில் அடித்தான். பிறகு, "ஒண்ணு கேக்கவா? நீ இன்னைக்குப் பழத்தைப் பார்க்க வந்தியா, வளையலைப் பார்க்க வந்தியா?" என்றான்.

"ரெண்டையும்தான்."

"அடிப்பாவி. அந்தம்மா என்னைத் தம்பின்னு கூப்பிடுறாங்க."

"போட்டோவில குரல் கேக்கலையே," என்றாள். அவன் சிரித்த சிரிப்பில் வேன் ஒரு குழியில் இறங்கி ஏறியது. "பழம், பழம்!" என்று கத்தினாள்.

கடையில் பெரியவள் பெட்டியைத் திறந்தாள். முகம் இறுகிப்போயிற்று.

"பச்சை. நேத்தாவது கொஞ்சம் வெளுத்திருந்துச்சு. கூடவே போய் நின்னு, பச்சைப் பசேல்னு ஏத்திட்டு வந்திருக்க. புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்துக்கிட்டீங்களா?"

கணவன் வாசலிலேயே நின்றுவிட்டான். சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான். சின்னவள் கத்தியை எடுத்து அக்காவிடம் கொடுத்தாள். பெரியவள் ஒரு பழத்தை வெட்டினாள். சாறு விரலிடுக்கில் வழிந்தது. நக்கிப் பார்த்தாள். இன்னொன்றை, அடியிலிருந்து எடுத்து வெட்டினாள். பிறகு மூன்றாவது பெட்டியிலிருந்து ஒன்று. அவளுக்குத் திருப்தி வர அவ்வளவு நேரம் ஆனது.

"சரி," என்றாள் கடைசியில். "மார்க்கெட்டுக்கு இவரே போகட்டும். என்னைப் பார்த்து இளிக்க வேண்டாம்னு சொல்லு."

மறுவாரம் சின்னவள் மிக்ஸி கழுவிக்கொண்டிருந்தபோது படம் வந்தது. கூரை இல்லாத இடம். ஒரு கை தூரத்திலிருந்து, பக்கவாட்டாக எடுத்தது. தோள் தெரிந்தது, புள்ளி தெரிந்தது. பழத்தோடு ஒட்டினாற்போல் ஒரு கை, கையில் வெள்ளை வெளேரென்று வளையல். கீழே எழுதியிருந்தான்: 'எடைக்கார அம்மா மஞ்சள் கடையை விட்டு எதிர்க்கடைக்கு வந்துட்டாங்க. அங்க தட்டைத் துடைச்சே கை தேஞ்சுபோச்சாம். வளையலை வாடகைக்குக் கேட்டேன், சிரிச்சுட்டு சும்மாவே காட்டுறாங்க.'

பெரியவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். கண்கள் சுருங்கின.

"யாருடி அது? யாரோட கை?"

"அதை வச்சுத்தான்க்கா பழம் வாங்குறோம்," என்ற சின்னவள் வளையலை ஒரு தரம், பழத்தை ஒரு தரம் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, 'எடு' என்று அடித்தாள்.